டையிங் மாஸ்டர் நாளைக்கு வரவில்லை என்றால்? சக்ஸஷன் பிளான் ஆவணம் எழுதும் முறை

திருப்பூர்ப் பக்கம் ஒரு முதலாளியிடம் போய் "சக்ஸஷன் பிளான் எழுதிவிடலாம்" என்று சொன்னால், "பையன் இப்பத்தான் காலேஜ் ரெண்டாம் வருசம்ங்க" என்பார். சொத்துக்கு வாரிசு யார் என்ற பேச்சு இது இல்லை. எந்தெந்த வேலை ஒரே ஆளை நம்பி நிற்கிறது, அந்த ஆள் போனால் யார் உட்காருவார், அவரை அந்த இடத்துக்குத் தயார்செய்ய எந்தத் தேதிக்குள் என்ன செய்யவேண்டும் என்று எழுதிவைப்பதுதான் இந்த ஆவணம். நான் இதை "மாற்று ஆள் ஏடு" என்று சொல்வேன். அப்படிச் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது.

உதாரணத்துக்கு நான் எழுத உதவிய ஒரு சாயப்பட்டறையை எடுத்துக்கொள்கிறேன். கூலிக்குச் சாயம் போடும் பட்டறை. 8 சாஃப்ட் ஃப்ளோ மெஷின், 2 ஷிப்ட், 110 பேர். காட்டன் பின்னல் துணி மட்டும்தான். ஆவணம் கடைசியில் 6 பக்கம் வந்தது. எழுத 5 வாரம் ஆனது, அதில் 3 வாரம் தவறான வரிசையில் ஆரம்பித்ததால் போன வாரங்கள்.

## 1. உட்காரும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை

மூன்று காகிதம் போதும். முதலாவது, எல்லாருடைய வயது, சேர்ந்த வருடம், இப்போதைய வேலை அடங்கிய பட்டியல். இரண்டாவது, கடந்த ஒரு வருட விடுப்புப் பதிவேடு. மூன்றாவது, யார் பெயரில் என்ன சான்றிதழ், லைசன்ஸ், கையெழுத்து அதிகாரம் இருக்கிறது என்ற பட்டியல்.

விடுப்புப் பதிவேட்டை ஏன் கேட்கிறேன் என்றால், அதுதான் பொய் சொல்லாத சாட்சி. ஒருவர் 3 நாளுக்கு மேல் வராத ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டு, அதே தேதியில் உற்பத்திப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். எங்கள் பட்டறையில் சாயம் போடுவதை முடிவுசெய்யும் டையிங் மாஸ்டர் அம்மை போட்டுப் படுத்த 9 நாளில், 11 லாட் துணி நிறம் சரியில்லாமல் மறுபடி மெஷினில் ஏறியிருந்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் 12 நாள் சபரிமலை, குற்றாலம் என்று போய்வந்தார். பதிவேட்டில் ஒரு மாற்றமும் இல்லை. யாருடைய மனமும் நோகாமல் முக்கியமான வேலை எது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

## 2. பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. வெள்ளைத் தாளை எடுத்ததும் "நம்மகிட்ட நல்ல பசங்க யாரு?" என்று கேட்டு நாலு பெயர் எழுதுவார்கள். அப்புறம் அந்த நாலு பேருக்கும் பொருந்தும் நாற்காலியைத் தேடுவார்கள். முடிவில் கிடைப்பது முதலாளிக்குப் பிடித்தவர்களின் பட்டியல்.

முதலில் நின்றுபோகும் வேலையை எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்வி. இந்த ஆள் நாளையிலிருந்து 10 நாள் வரவில்லை என்றால் எது நிற்கும்? வெளியிலிருந்து ஆள் எடுத்தால், அவர் தனியாக நிற்க எத்தனை மாதம் ஆகும்? முதல் கேள்விக்கு "மெஷின் நிற்கும்" அல்லது "சட்டப்படி ஓட்டக்கூடாது" என்ற பதிலும், இரண்டாவதுக்கு 3 மாதத்துக்கு மேல் என்ற பதிலும் வந்தால், அது முக்கிய வேலை.

இப்படி அலசியதில் 4 வேலை தேறின. டையிங் மாஸ்டர். பாய்லர் ஓட்டுகிறவர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்பவர். நாலாவது, முதலாளியே.

பாய்லர் எதற்கு என்று முதலாளி கேட்டார். சான்றிதழ் பெற்ற ஆள் இல்லாமல் பாய்லரை ஓட்ட முடியாது, நீராவி இல்லாமல் தொட்டித் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏறாது. அந்தச் சான்றிதழுக்கான தேர்வு எழுத ஏற்கெனவே பாய்லரில் வேலை பார்த்த அனுபவமும் காட்டவேண்டும், அதனால் அவசரத்துக்கு ஒருவரைத் தயார்செய்ய வழியில்லை. கழிவுநீரும் இப்படித்தான். 2011-ல் உயர்நீதிமன்றம் இங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடலாம் என்றாகிவிட்டது. ஆர்.ஓ. சவ்வு அடைத்துக்கொண்டு தொட்டி நிறைந்தால் எல்லா மெஷினையும் நிறுத்தியாக வேண்டும்.

முதலாளி தன்னை முக்கிய வேலையில் சேர்க்கவே மாட்டார், நாம்தான் கேட்கவேண்டும். பேங்க் கையெழுத்து, ஜிஎஸ்டி கணக்கு தாக்கலுக்கு வரும் ஓடிபி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் ஒரே சட்டைப் பைக்குள் இருந்தன.

4 வந்தது நல்லது. 6-க்கு மேல் வந்தால் மறுபடி வடிகட்டுங்கள். 20 வேலைக்கு எழுதிய ஆவணத்தை இரண்டாவது முறை யாரும் திறப்பதில்லை.

## 3. இப்போது அந்த வேலையில் இருப்பவரிடம் பேசுங்கள்

இந்தப் படி மாற்று ஆளைத் தேடுவதற்கு முன்னால் வரவேண்டும். நாங்கள் பின்னால் வைத்து மாட்டிக்கொண்டோம். லேப் பையன் ஒருநாள் மாஸ்டரின் ரெசிபி நோட்டைக் கேட்கப் போக, அன்று மாலையே மாஸ்டர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "ஏனுங் சார், நம்மளை வீட்டுக்கு அனுப்பறதுக்கு நாள் குறிச்சாச்சுங்களா?" அதற்குப் பிறகு 2 வாரம் அவர் யாருக்கும் எதுவும் சொல்லித்தரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

முதலாளியே நேரில் பேசவேண்டும், மனிதவள ஆளை அனுப்பக்கூடாது. சொல்லவேண்டியது இரண்டு. அவர் சம்பளமும் இடமும் இதனால் குறையாது. கற்றுக்கொடுப்பதும் இனி அவர் வேலையில் ஒரு பகுதி, அதற்குத் தனியாகப் பணம் உண்டு. எங்கள் பட்டறையில் அதை மாதச் சம்பளத்திலேயே சேர்த்தார்கள். வாயால் சொன்னதை எழுதியும் கொடுத்தார்கள்.

அப்போதுதான் தேதியும் கிடைத்தது. அவருக்கு வயது 54, இன்னும் நாலைந்து வருடம் இருப்பார் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். மகள் கல்யாணம் முடிந்ததும், அதாவது 2 வருடத்தில், நாமக்கல் பக்கம் சொந்த ஊருக்குப் போகப்போகிறேன் என்றார். ஆவணத்தில் ஓய்வு வயதை எழுதாதீர்கள். அந்த ஆள் உண்மையில் எப்போது போக நினைக்கிறார் என்று கேட்டு அதை எழுதுங்கள்.

## 4. வேலையைத் துண்டாக உடையுங்கள்

"சாயப் பிரிவு முழுப் பொறுப்பு" என்று வேலை விவரத்தில் எழுதியிருக்கும். அதை வைத்து யாரையும் தயார்செய்ய முடியாது. அவருடன் 2 முழு ஷிப்ட் நில்லுங்கள், அவர் முடிவெடுக்கும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்வதைவிட முடிவெடுப்பதுதான் முக்கியம், ஏனென்றால் கையால் செய்வதைப் பத்துப் பேர் செய்வார்கள்.

எங்கள் குறிப்பில் 5 துண்டு வந்தது. லேப் ரெசிபியை 300 கிலோ லாட்டுக்கு மாற்றும்போது எதைக் கூட்டிக் குறைப்பது. மெஷினிலிருந்து வெட்டியெடுத்த துண்டைப் பார்த்து, ஷேட், அதாவது நிறம், சரியா, இன்னும் கொஞ்சம் சாயம் சேர்த்து அடிஷன் போடவேண்டுமா என்று சொல்வது. கெட்ட லாட்டைக் காப்பாற்றுவது. எந்த லாட்டை எந்த மெஷினில் எந்த வரிசையில் ஏற்றுவது. துணி கொடுத்த பார்ட்டியிடம் பேசி ஷேட் ஒப்புதல் வாங்குவது.

ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே, இன்று இதை வேறு யார் செய்வார் என்று எழுதுங்கள். மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் எதிரே எங்களுக்கு வெற்றிடம்தான் இருந்தது.

## 5. இப்போது பெயர்: அவசர ஆள் வேறு, அடுத்த ஆள் வேறு

இந்த இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதுவதால்தான் பாதி ஆவணங்கள் வீணாகின்றன. அவசர ஆள் என்றால் நாளைக் காலையே வந்து நின்று 10 நாள் வண்டியை ஓட்டுகிறவர். அடுத்த ஆள் என்றால் அந்த வேலைக்கே உரியவராக வளரப்போகிறவர். இருவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

எங்களுக்கு இருவர் கண்ணில் பட்டார்கள். 41 வயது ஷிப்ட் சூப்பர்வைசர், 15 வருடமாக மெஷினோடு பழகியவர், ஆட்கள் அவர் சொன்னால் கேட்பார்கள், புது ரெசிபி போடத் தெரியாது. 33 வயது லேப் இன்சார்ஜ், டிப்ளமோ படித்தவர், ரெசிபியில் கெட்டி, ஒரு ராத்திரி ஷிப்ட் கூடத் தனியாகப் பார்த்ததில்லை. முதலாளிக்குச் சூப்பர்வைசரைத்தான் பிடிக்கும். கடைசியில் அவரை அவசர ஆளாக எழுதினோம், ஒரு நிபந்தனையோடு: ஏற்கெனவே ஓடிய ஷேட் மட்டும் ஓட்டலாம், புது ஷேட் ஏற்றக்கூடாது. அந்த நிபந்தனையையும் ஆவணத்தில் எழுதவேண்டும். லேப் இன்சார்ஜ் அடுத்த ஆள், 18 மாதத்தில்.

பெயருக்குப் பக்கத்தில் "தயார்" என்று மட்டும் எழுதாதீர்கள், ஆதாரத்தையும் எழுதுங்கள். "மார்ச்சில் மாஸ்டர் இல்லாத 4 நாள் ஓட்டினார், 22 லாட்டில் 1 மறுபடி ஏறியது" என்பது ஆதாரம். "நல்ல பையன், ஆர்வம் உண்டு" என்பது சம்பந்தம் பேசும்போது சொல்வது.

பெயர் எழுதும் முன் இரண்டு விஷயத்தைச் சோதித்துவிடுங்கள். ஒன்று, அவர் கண். 85 சின்ன வில்லைகளை நிறம் மெல்ல மாறும் வரிசையில் அடுக்கச் சொல்லும் ஹியூ டெஸ்ட் இருக்கிறது. ஷேட் பார்க்கப்போகிறவர் அதில் தடுமாறினால், வேறு எந்தத் திறமையும் அதை ஈடுகட்டாது. இரண்டு, அவர் விருப்பம். ராத்திரி ஷிப்ட் வேண்டும், ஞாயிறு போன் வரும் என்று தெரிந்தபின் ஒருவர் வேண்டாம் என்று சொல்லலாம். அவரைக் கேட்காமல் பெயரை எழுதினால் ஆவணத்தில் ஆள் இருப்பார், பட்டறையில் இருக்கமாட்டார்.

ஒரே பெயரை இரண்டு வேலைக்கு எதிரே எழுதக்கூடாது. ஆளே இல்லாத இடத்தில் "ஆள் இல்லை" என்று எழுதுங்கள். கழிவுநீருக்கு நாங்கள் அப்படித்தான் எழுதினோம். அந்த வரியைப் பார்த்துத்தான் முதலாளி மறுவாரமே ஒரு வேதியியல் பட்டதாரியை வேலைக்கு எடுத்தார்.

## 6. வளர்ச்சிப் படிகள்

இந்தக் கட்டத்தில் "தலைமைப் பண்புப் பயிற்சி, 2 நாள்" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நாலாவது படியில் உடைத்த துண்டுகள்தான் இங்கே படிகளாகின்றன. ஒவ்வொன்றுக்கும் தேதி, சொல்லித்தருகிறவர், முடிந்தது என்பதற்கான அடையாளம் மூன்றும் வேண்டும். வரிசைக்கு ஒரே விதி: தவறு செய்தால் செலவு குறைவான இடத்தில் ஆரம்பிக்கவேண்டும்.

லேப் இன்சார்ஜுக்கு நாங்கள் போட்ட படிகள் இவை.

முதல் 2 மாதம்: அவர் நாற்காலியை யாரிடம் கொடுப்பது. எல்லாரும் மறப்பது இதைத்தான். லேப் வேலையை அசிஸ்டென்டுக்குக் கைமாற்றாமல் இவரை மெஷின் பக்கம் அனுப்பினால், இரண்டாவது வாரமே திரும்ப லேபுக்கு இழுத்துக்கொள்வார்கள். அடையாளம்: அசிஸ்டென்ட் சின்னத் துண்டில் தனியாகச் சாயம் போட்டுப் பார்த்த 10 லேப் டிப் பார்ட்டியிடம் ஒப்புதல் வாங்கவேண்டும்.

3 முதல் 6-வது மாதம்: ராத்திரி ஷிப்டில் கருப்பும் நேவியும். வெளிர் நிறம் சுலபம் என்று புதியவர்கள் நினைப்பார்கள். வெளிர் நிறத்தில்தான் திட்டும் பட்டையும் பளிச்சென்று தெரியும். கருப்பில் ஷேட் கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மற்ற நிறத்தில் கெட்ட லாட்டையே கருப்புக்கு மாற்றித்தானே காப்பாற்றுகிறோம்? ஆனால் ஒட்டாத சாயத்தைக் கழுவியெடுக்கும் சோப்பிங்கைக் குறைத்துவிட்டால் கருப்பு துவைக்கும்போது கசியும். அதனால் இங்கே ஷேட்டோடு சாயக் கசிவுச் சோதனையையும் அடையாளமாக வைத்தோம்.

7 முதல் 12-வது மாதம்: சாதாரண நிறங்கள், பிறகு கிரே, பீஜ். கிரேயும் பீஜும் மூன்று சாயம் கொஞ்சம் கொஞ்சம் கலந்து வருவது. ஒன்று லேசாகக் கூடினாலும் சிவப்படிக்கும், இல்லையென்றால் பச்சையடிக்கும். ஒரு விளக்கில் சரியாக இருக்கும், லைட் பாக்ஸில் அடுத்த விளக்கைப் போட்டால் மாறிவிடும். கண் பழகுவதற்கு நாங்கள் வைத்த முறை இது: ஒவ்வொரு லாட்டிலும் மாஸ்டரும் இவரும் துண்டைத் தனித்தனியாகப் பார்த்து, பேசிக்கொள்ளாமல், தங்கள் முடிவை ஆளுக்கொரு சீட்டில் எழுதவேண்டும். அப்புறம் ஒப்பிடவேண்டும். முதல் 40 சீட்டில் 23 ஒத்துப்போனது, மூன்றாவது 40-ல் 35. மாஸ்டர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் இளையவர் தலையாட்டுவார், அதனால் சீட்டு எழுதும் வரை வாயே திறக்கக்கூடாது.

13 முதல் 15-வது மாதம்: டர்க்காய்ஸும் அது சேரும் பச்சையும். மற்ற சாயம் 60 டிகிரியில் ஏறும், டர்க்காய்ஸுக்கு 80 வேண்டும். மெதுவாகத்தான் பிடிக்கும், உடன் போட்ட மஞ்சளோடு ஒரே வேகத்தில் ஓடாது. கெட்ட லாட்டைக் காப்பாற்றுவதையும் இதே மாதங்களில் வைத்தோம், ஏனென்றால் அதிகம் கெடுவதும் இதுதான்.

16 முதல் 18-வது மாதம்: பார்ட்டி. ஷேட் ஒப்புதலுக்கும், தள்ளுபடி கேட்டு டெபிட் நோட் வரும்போதும் இவர்தான் பேசவேண்டும். மாஸ்டர் கூட உட்காரலாம், பேசக்கூடாது.

பாய்லருக்குப் படிகளைப் பின்னாலிருந்து எண்ணவேண்டும். தேர்வு எப்போது, அதற்கு எத்தனை கால அனுபவம் காட்டவேண்டும் என்பதைக் கொதிகலன் இயக்குநரக அலுவலகத்தில் கேட்டு, அங்கிருந்து இன்றைய தேதிக்கு இறங்கி வாருங்கள். உதவியாளர் பெயர் இன்றே பதிவேட்டில் ஏறவில்லை என்றால் அனுபவத்தைப் பிறகு காட்ட முடியாமல் போகும்.

முதலாளியின் பக்கம் ஒரே மதியத்தில் முடிந்தது. பேங்கில் இரண்டாவது கையெழுத்து, ஜிஎஸ்டியில் இன்னொரு அங்கீகரிக்கப்பட்டவர். வீட்டம்மாவின் பெயரைச் சேர்க்கத்தான் கொஞ்சம் யோசித்தார்.

## 7. ஒரு பக்கம் இப்படி இருக்கும்

ஒரு வேலைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் படிக்கமாட்டார்கள்.

- வேலை: டையிங் மாஸ்டர்
- நின்றால்: புது ஷேட் அன்றே நிற்கும், மறுபடி ஏறும் லாட் கூடும்
- இப்போதிருப்பவர் போக நினைக்கும் காலம்: 24 மாதம்
- அவசர ஆள்: ஷிப்ட் சூப்பர்வைசர், பழைய ஷேட் மட்டும்
- அடுத்த ஆள்: லேப் இன்சார்ஜ், 18 மாதம், இன்று 5 துண்டில் 1 தெரியும்
- அவர் இடத்துக்கு: லேப் அசிஸ்டென்ட்
- நடந்துகொண்டிருக்கும் படி, முடியவேண்டிய தேதி, பொறுப்பாளர்
- கடைசி ஒத்திகை, அதில் தெரிந்த ஓட்டை

18-க்கும் 24-க்கும் நடுவே இருக்கும் 6 மாதத்தை விட்டுவிடாதீர்கள். படிகள் கட்டாயம் தாமதமாகும்.

## 8. ஒத்திகை

ஆவணத்தில் "தயார்" என்று எழுதும் உரிமை ஒத்திகைக்குத்தான் உண்டு. மாஸ்டரை 6 நாள் சம்பளத்தோடு விடுப்பில் அனுப்புங்கள்.

முதல் ஒத்திகை பிரமாதமாகப் போனது, ஒரு லாட் கூடக் கெடவில்லை. பிறகு விசாரித்தால், மாஸ்டர் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே பட்டறையை ஓட்டியிருக்கிறார். இரண்டாவது முறை அவர் போனை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். ஆபத்து என்றால் மட்டும் வீட்டு நம்பருக்குக் கூப்பிடலாம் என்று சொன்னோம். மூன்றாவது நாள், சாயம் துணியில் பிடிக்கப் போடும் சோடா ஆஷ் தீர்ந்துவிட்டது. ஆர்டர் போட்டும் வண்டி வரவில்லை. கடைக்காரர் இத்தனை வருடமும் மாஸ்டர் வாய்ச்சொல்லுக்குத்தான் கடனில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார், லேப் இன்சார்ஜ் யார் என்றே அவருக்குத் தெரியாது. நான் 2 ஷிப்ட் கூடவே நின்றும் பார்க்காத ஆறாவது துண்டு அது. அன்றே பக்கத்தில் சேர்த்தோம்.

ஒத்திகையில் எண்ணவேண்டியவை மூன்று: மறுபடி ஏறிய லாட், முடிவெடுக்க முடியாமல் காத்துக்கிடந்த மணிநேரம், மற்றவர்களைக் கேட்ட கேள்விகள். கேள்விகளை அப்படியே எழுதிவையுங்கள், அடுத்த படிகள் அதிலிருந்துதான் வரும்.

## 9. யார் பார்க்கலாம், எப்போது திருத்துவது

முழு ஆவணத்தை முதலாளியும் இன்னொருவரும் பார்த்தால் போதும். அடுத்த ஆளுக்கு அவர் படிகள் மட்டும் காட்டப்படும், "இந்த வேலை உனக்குத்தான்" என்ற வாக்குறுதி எழுத்திலோ பேச்சிலோ கூடாது. "இந்த வேலைக்கு உன்னைத் தயார்செய்கிறோம், படிகள் முடிந்தபின் முடிவு" என்று சொல்லுங்கள். அவசர ஆளின் பக்கம் மட்டும் ஷிப்ட் ஆபீஸில் இருக்கவேண்டும். ராத்திரி 2 மணிக்கு மாஸ்டருக்கு நெஞ்சுவலி வந்தால், ஆவணம் மேனேஜர் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுக்குள் இருந்து பயனில்லை.

3 மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணிநேரம் திருத்தினால் போதும். நடுவில் மூன்று காரணத்துக்கு உடனே திறக்கவேண்டும்: பெயர் உள்ள ஒருவர் வேலையை விட்டால், புது மெஷின் வந்தால், ஒரு படியின் தேதி இரண்டு முறை தள்ளிப்போனால். மூன்றாவது காரணத்துக்குப் பெரும்பாலும் பொறுப்பு கற்றுக்கொள்பவர் இல்லை, அவரை விடுவிக்காத மேலாளர்தான். எங்கள் பட்டறையில் தீபாவளி ஆர்டர் நெருக்கடியைக் காட்டி லேப் இன்சார்ஜை 5 வாரம் திரும்ப லேபில் உட்கார வைத்தார்கள். அந்த 5 வாரத்தையும் 18-உடன் கூட்டி, புதுத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.